ஹைட்ரோகுளோரிக் அமிலச் செறிவு அறிக்கை: நான்காம் டைட்ரேஷன் அளவை நீக்கியது பற்றி

ஒவ்வொரு முறையும் 25.00 மி.லி. அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, 0.1024 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு, பீனால்ஃப்தலீன் நிறங்காட்டியுடன் டைட்ரேட் செய்தேன். முதல் ஐந்து அளவுகள், செய்த வரிசையிலேயே (மி.லி.): 24.15, 24.20, 24.10, 24.40, 24.15.

நான்காவது அளவு கண்ணை உறுத்துகிறது. மற்ற நான்கும் 0.10 மி.லி. வீச்சுக்குள் அடங்கிவிட, இது மட்டும் அடிக்கடி வந்த 24.15-ஐவிட 0.25 மி.லி. கூடுதல், அதாவது ஏறக்குறைய ஐந்து சொட்டு. முதலில் குறிப்பேட்டைப் புரட்டினேன். தொடக்க அளவு 0.10, இறுதி அளவு 24.50 என்று இருக்கிறது. கழித்தலில் பிழை இல்லை. நிறம் அதிகமாகிவிட்டதென்றோ, பியூரெட் நுனியில் காற்றுக் குமிழி இருந்ததென்றோ அன்று எதையும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது; காரணம் தெரிந்த பிழையை அந்தக் காரணத்தைச் சொல்லியே நீக்கலாம். குமிழி ஒன்று நடுவில் வெளியேறியிருந்தால் அளவு இப்படித்தான் கூடும். ஆனாலும் அது இப்போது தோன்றும் ஊகம் மட்டுமே, அதை நீக்கத்துக்குக் காரணமாகக் காட்டவில்லை.

சோதனை விதியை டைட்ரேஷன் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தேன்: டிக்சனின் கியூ சோதனை, 95% நம்பிக்கை மட்டம், ஐயத்துக்குரிய அளவு வந்தால் மேலும் இரண்டு டைட்ரேஷன், இறுதி முடிவு ஏழையும் வைத்துத்தான். ஐந்து அளவுகளுக்கு:

```
Q = (24.40 − 24.20) / (24.40 − 24.10) = 0.667
```

ஐந்து அளவுகளுக்கான அட்டவணை மதிப்பு 95%-ல் 0.710. கணக்கிட்ட மதிப்பு அதைவிடக் குறைவு. எனவே இந்தக் கட்டத்தில் 24.40-ஐ நீக்க இடமில்லை. 90%-ஐ எடுத்திருந்தால் அட்டவணை மதிப்பு 0.642, நீக்கியிருக்கலாம். விடையைப் பார்த்த பிறகு மட்டத்தை மாற்றினால் அது சோதனையே அல்ல. மட்டத்தை முன்பே எழுதி வைத்தது இதற்காகத்தான்.

அப்புறம் அதே கரைசல்களுடன் மேலும் இரண்டு முறை செய்தேன்: 24.15, 24.10. இப்போது ஏழு அளவுகள். இடைவெளியும் வீச்சும் மாறவில்லை, கியூவும் அதே 0.667. ஆனால் ஏழு அளவுகளுக்கு 95% அட்டவணை மதிப்பு 0.568 என்று இறங்கிவிடுகிறது. கணக்கிட்ட மதிப்பு அதைத் தாண்டுவதால் 24.40 நீக்கப்படுகிறது. சரிபார்க்க, ஏழு அளவுகளின் சராசரியையும் (24.179) திட்டவிலக்கத்தையும் (0.1035) வைத்து இருபக்க கிரப்ஸ் சோதனையும் செய்தேன்:

```
G = (24.40 − 24.179) / 0.1035 = 2.14
```

95%-ல் அட்டவணை மதிப்பு 2.020. இரண்டு சோதனைகளும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

ஆனாலும் இந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல, அதை மறைக்க விரும்பவில்லை. பியூரெட்டின் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கின்றன, நான் அரைக் கோடு வரை, அதாவது 0.05 வரை படித்தேன். இரண்டாம் டைட்ரேஷனின் 24.20-ஐ அரைக் கோடு தள்ளி 24.25 என்று படித்திருந்தால், கியூ 0.15-ஐ 0.30-ஆல் வகுத்து 0.50 ஆகியிருக்கும், 24.40 தப்பியிருக்கும். கிரப்ஸ் மதிப்பும் அப்போது 2.004, அட்டவணைக்குச் சற்றே கீழே. ஒரு கோட்டின் பாதியில் முடிவே மாறுகிறது. அதனால்தான் இரண்டு கணக்கையும் இங்கே தருகிறேன்.

24.40 இல்லாமல் ஆறு அளவுகளின் சராசரி 24.14 மி.லி., திட்டவிலக்கம் 0.038. அதைச் சேர்த்தால் சராசரி 24.18, திட்டவிலக்கம் 0.104. சராசரி 0.04 மட்டுமே நகர்கிறது, சிதறலோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. இடைநிலை அளவு இரண்டு நிலையிலும் 24.15தான், இது எனக்கு நிம்மதி தந்தது, முடிவு ஒரே அளவைத் தொங்கிக்கொண்டு நிற்கவில்லை.

நீக்கிய பிறகு மீதி ஆறில் சோதனையை மறுபடி ஓட்டவில்லை. ஒன்றை எடுத்ததும் அடுத்த ஓர அளவு தனியாகத் தெரியத் தொடங்கும். அப்படியே போனால் நல்ல அளவுகளும் கரைந்துவிடும்.

அமிலச் செறிவு (ஆறு அளவுகள்): 0.0989 ± 0.0002 மோல்/லிட்டர், 95% நம்பிக்கை எல்லை. ஏழு அளவுகளையும் சேர்த்தால் 0.0990 ± 0.0004. இந்த எல்லைகள் டைட்ரேஷன் சிதறலை மட்டும் காட்டுபவை. ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவிலுள்ள ஐயப்பாடு சேர்க்கப்படவில்லை. நான்காம் அளவு குறிப்பேட்டில் அடிக்கப்படாமல், "கியூ சோதனைப்படி நீக்கியது, 95%, ஏழு அளவுகள்" என்ற குறிப்புடன் அப்படியே இருக்கிறது.