செக்கடியில் இந்த வாரம்: நல்லெண்ணெய்

திங்கள்

படத்தில் இருப்பது 50 கிலோ எள் மூட்டை. பக்கத்துத் தட்டில் சலித்தபோது விழுந்த மண், குச்சி, சொத்தை எல்லாம் சேர்ந்து 1 கிலோ 700 கிராம். அலசி வெயிலில் போட்டாயிற்று. கையில் அள்ளினால் ஒட்டாமல் வழுக்கி விழ வேண்டும், அதுதான் பதம். ஈரத்தோடு ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

புதன்

ஒரு தடவைக்கு 20 கிலோ எள், 1 கிலோ கருப்பட்டி. வீடியோவில் கருப்பட்டி போடுவதைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் இனிக்குமா?" என்று கேட்கிறார்கள். இனிக்காது. சர்க்கரை எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும். கருப்பட்டியின் வேலையே வேறு: அரைபட்ட எள்ளைப் பிசுபிசுவென்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் உலக்கையின் அழுத்தத்துக்கு எண்ணெய் தனியே பிரியும்.

இதில் தண்ணீர்தான் நுணுக்கம். ஒரேயடியாக ஊற்றக் கூடாது, கை கையாகத் தெளிக்க வேண்டும். குறைந்தால் எள் மாவாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கூடினால் களி மாதிரி குழைந்து, எண்ணெய் கலங்கலாக வரும். அந்த எண்ணெயை எத்தனை நாள் தெளிய வைத்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அளவு எழுதி வைக்க முடியாது, எள்ளின் காய்ச்சலைப் பொறுத்து மாறும்.

உரலிலிருந்து வரும் எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும். மரமும் எள்ளும் உரசினால் சூடு வரத்தான் செய்யும். "சூடே ஆகாது" என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். உலக்கை மெதுவாகச் சுற்றுவதால் கை பொறுக்கும் சூட்டோடு நிற்கிறது, அவ்வளவுதான்.

சனி

எவர்சில்வர் அண்டாவில், வாயில் வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் தெளிய விட்டிருக்கிறோம். அசைக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு துணியில் வடிக்கிறோம். மண்டி பாட்டிலுக்குள் போகாது. இருந்தும் உங்கள் வீட்டில் அடியில் மெல்லிய படிவம் நிற்கலாம். ஈரக் கரண்டி படாதவரை கெடாது.

விலைக் கணக்கு

20 கிலோ எள்ளுக்கு இம்முறை 8 கிலோ எண்ணெய். அதாவது 1 கிலோ எண்ணெய்க்கு இரண்டரை கிலோ எள். நல்லெண்ணெய் 1 லிட்டர் சுமார் 920 கிராம்தான், ஆகவே லிட்டருக்கு 2.3 கிலோ எள். உங்கள் ஊர் எள் விலையை 2.3 ஆல் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் கருப்பட்டி, கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் இதற்கு மேல்தான். பெருக்கி வந்த தொகையைவிட வெகு குறைவாக யாராவது விற்றால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். எங்களிடமும் கேட்கலாம்.

அடுத்து எள் ஆட்டுவது வரும் புதன் காலை 7 மணிக்கு. நின்று பார்க்கலாம். சொந்த எள் கொண்டுவருவோர் 20 கிலோவுக்குக் குறையாமல் கொண்டுவரவும். அதற்குக் கீழே போனால் உலக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது.