183-ஐக் காத்து உலகக் கோப்பையை வென்றது இந்தியா

லார்ட்ஸ், ஜூன் 25, 1983: உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியது. முதலில் ஆடிய இந்தியா 54.4 ஓவர்களில் 183 ரன்களுக்குச் சுருண்டது; ஸ்ரீகாந்தின் 38 ரன்களே ஆட்டத்தின் உச்சம். பதிலுக்கு 1 விக்கெட்டுக்கு 50 என வலுவாக இருந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கு, ரிச்சர்ட்ஸ் (33) ஆட்டமிழந்ததே திருப்புமுனை. மதன்லால் பந்தை அவர் தூக்கியடிக்க, பின்னோக்கி ஓடிய கபில்தேவ் அபாரமாகப் பிடித்தார். அடுத்தடுத்து விக்கெட்டுகள் சரிந்து ஸ்கோர் 76/6 ஆனது. டூஜான் (25), மார்ஷல் (18) ஜோடி 43 ரன் சேர்த்து மிரட்டியபோது, டூஜானை போல்டாக்கி மொகிந்தர் அமர்நாத் முட்டுக்கட்டை போட்டார். 52 ஓவர்களில் 140 ரன்களுக்கு ஆட்டம் முடிந்தது. 26 ரன்களுடன் 12 ரன்களுக்கு 3 விக்கெட் வீழ்த்திய மொகிந்தரே ஆட்டநாயகன்.