மாதிரி விடை: பணக்கொள்கையால் மந்தநிலையை முடிவுக்குக் கொண்டுவர முடியுமா?

வினா: ‘ஒரு மந்தநிலையை முடிவுக்குக் கொண்டுவர பணக்கொள்கை மட்டுமே போதும்.’ கோட்பாட்டையும் வரலாற்று அனுபவத்தையும் கொண்டு ஆராய்க. (20 மதிப்பெண்கள்)

விடை:

‘முடிவு’ என்ற சொல்லை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதிலேயே விடையின் பாதி அடங்கியிருக்கிறது. உற்பத்தி சரிவது நின்று, அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பும் மாதத்தில் மந்தநிலை முடிந்ததாகக் கணக்கிடுவது வழக்கம். வேலைவாய்ப்பு பழைய நிலைக்குத் திரும்புவது வேறு விஷயம். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது. ஆனால் வேலையின்மை 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டதே அந்த ஆண்டு அக்டோபரில்தான். அது 5 சதவீதத்துக்கு இறங்க 2015 வரை ஆயிற்று. முதல் பொருளில் பணக்கொள்கை பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. இரண்டாவது பொருளில் அது வெல்வதும் தோற்பதும் மந்தநிலை எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. உயர் வட்டியால் வந்த மந்தநிலையை வட்டிக் குறைப்பு தனியாகவே முடித்துவிடும். கடன் சுமையால் வந்ததை முடிக்க அதற்குத் துணை வேண்டும். அளிப்புத் தடையால் வந்ததில் அதன் பங்கு சேதத்தைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது. இதுவே இவ்விடையின் நிலைப்பாடு.

முதலில் இயங்குமுறை. மத்திய வங்கி நேரடியாக மாற்றுவது ஓரிரவுக் கடன் வட்டியை மட்டுமே. அங்கிருந்து விளைவு பல வழிகளில் பரவுகிறது. வீட்டுக்கடன், தொழிற்கடன் வட்டி இறங்குகிறது. பங்கு, வீடு, பத்திர விலைகள் ஏறுகின்றன. செலாவணி மதிப்பு இறங்கி ஏற்றுமதிக்கு உதவுகிறது. மிதக்கும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை குறைகிறது. பொருள் சந்தையின் சமநிலையை ஐஎஸ் கோடாகவும் பணச் சந்தையின் சமநிலையை எல்எம் கோடாகவும் வரையும் ஐஎஸ்–எல்எம் மாதிரியில், எல்எம் கோடு வலப்புறம் நகர, வட்டி இறங்கி வருமானம் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பது ஐஎஸ் கோட்டின் சாய்வைப் பொறுத்தது. முதலீடு வட்டிக்கு அசையாவிட்டால் அந்தக் கோடு ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். பிறகு எல்எம் கோட்டை எவ்வளவு தள்ளினாலும் வருமானம் அசையாது.

இது நன்றாக வேலை செய்ததற்குத் தெளிவான உதாரணம் 1982. பணவீக்கத்தை ஒடுக்க பால் வோல்க்கர் தலைமையிலான அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இறுக்கிப் பிடித்ததில், ஓரிரவு வட்டி 1981இல் 20 சதவீத அளவுக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய மந்தநிலையில் வேலையின்மை 10.8 சதவீதம் வரை ஏறியது. 1982 கோடையிலிருந்து பிடி தளர்ந்தது. நவம்பரில் மந்தநிலை முடிந்தது. 1983இல் மீட்சி வேகம் பிடித்தது. வீடு, கார் வாங்க விரும்பியவர்களை உயர் வட்டி மட்டுமே நிறுத்தி வைத்திருந்தது. தடையைப் போட்ட கையே அதை எடுத்ததும் தேங்கியிருந்த தேவை வெளியே வந்தது. வரிக் குறைப்பும் பாதுகாப்புச் செலவும் உதவின என்பது உண்மைதான்; ஆனாலும் காலவரிசையைப் பார்த்தால் வட்டியையே முதல் காரணமாகக் கொள்ளத் தோன்றுகிறது. குறைப்பதற்கு 10 புள்ளிகளுக்கு மேல் இடம் இருந்ததும் அன்றைய வசதி. 2008 நெருக்கடியில் ஃபெடரல் ரிசர்வுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இடம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டலாம். மத்திய வங்கி வைக்க வேண்டிய வட்டி i எவ்வளவு என்பதற்கு ஜான் டெய்லர் 1993இல் முன்வைத்த விதி:

```
i = r* + π + 0.5(π − π*) + 0.5(y − y*)
```

நடுநிலை மெய் வட்டி r* = 2, பணவீக்கம் π = 1, அதன் இலக்கு π* = 2, உற்பத்தி இடைவெளி y − y* = −8 சதவீதம் என்று கொள்வோம். அப்போது i = 2 + 1 − 0.5 − 4 = −1.5. தேவைப்படும் வட்டி பூஜ்யத்துக்கு ஒன்றரைப் புள்ளி கீழே இருக்கிறது. யூரோ பகுதியின் மத்திய வங்கி 2014 முதலும் ஜப்பான் வங்கி 2016 முதலும் எதிர்மறை வட்டியை முயன்றன. ஆனால் அது −0.5 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. அதற்கும் கீழே போனால் மக்கள் வைப்புத்தொகையை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்குவார்கள் என்ற பயமே காரணம். கெயின்ஸ் வழிவந்தவர்கள் நீர்மைப் பொறி என்று சொன்னதன் இன்றைய வடிவம் இது: பணமும் குறுகிய காலப் பத்திரமும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டால், ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குவதால் யாருடைய நடத்தையும் மாறாது.

விலைகள் தொடர்ந்து இறங்கும் பணவாட்டம் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு நிறுவனம் புதிய இயந்திரத்திலிருந்து சாதாரண காலத்தில் 8 சதவீத மெய் வருவாயை எதிர்பார்க்கிறது. கடன் வட்டி 5, எதிர்பார்க்கும் பணவீக்கம் 2, எனவே மெய் வட்டி 3, முதலீடு நடக்கிறது. மந்தநிலையில் ஆர்டர்கள் வற்றி, எதிர்பார்க்கும் வருவாய் 1 சதவீதமாகிறது. மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யமாக்குகிறது. வங்கி தனக்கென்று எதுவும் கூட்டாமல் அதே பூஜ்யத்துக்குக் கடன் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆனால் விலைகள் ஆண்டுக்கு 2 சதவீதம் இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தால் மெய் வட்டி 0 − (−2) = 2. இலவசமாகத் தெரியும் கடன்கூட அந்த நிறுவனத்துக்கு நஷ்டக் கணக்குதான். பெயரளவு வட்டியை மட்டும் பார்த்து ‘கொள்கை மிகத் தளர்வாக இருக்கிறது’ என்று எழுதுவது தேர்வுத்தாள்களில் மட்டுமல்ல, 1930களின் மத்திய வங்கியாளர்களிடமும் இருந்த பிழை.

பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மீதமிருந்த கருவி அளவுசார் தளர்த்தல், அதாவது நீண்ட காலப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்குவது. ஃபெடரல் ரிசர்வின் சொத்து 2008 நெருக்கடிக்கு முன் சுமார் 0.9 லட்சம் கோடி டாலர். 2014 இறுதியில் சுமார் 4.5 லட்சம் கோடி. இருந்தும் பணவீக்கம் வெடிக்கவில்லை, வங்கிக் கடனும் ஐந்து மடங்காகவில்லை. காரணம் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பிலேயே இருக்கிறது. மத்திய வங்கி ஒரு வங்கியிடம் 100 மதிப்புள்ள பத்திரத்தை வாங்கினால், அந்த வங்கியின் சொத்துப் பக்கத்தில் பத்திரம் 100 குறைந்து இருப்புத்தொகை 100 கூடுகிறது. சொந்த மூலதனம் அப்படியே இருக்கிறது. கடனுக்கு எல்லை வகுப்பது அந்த மூலதனமும், திருப்பித் தரக்கூடிய கடனாளி கிடைக்கிறாரா என்பதும்தான். 8 சதவீத மூலதன விதியின்கீழ் 10 மூலதனம் வைத்திருக்கும் வங்கி 125 வரை கடன் தரலாம். அதில் 4 வாராக்கடனாகிவிட்டால் மூலதனம் 6. தாங்கக்கூடிய கடன் 75. கையிலிருக்கும் 121ஐ அந்த அளவுக்குச் சுருக்க வேண்டிய வங்கியிடம் இருப்புத்தொகையைக் கொட்டி என்ன பயன்? அதற்குத் தேவை புதிய மூலதனம். இருப்புத்தொகை கூடினால் கடனும் அதே மடங்கில் கூடும் என்ற பணப்பெருக்கிச் சூத்திரத்தை இயந்திரம்போல் இங்கே பொருத்தினால் தவறான விடையே வரும்.

கடன் வாங்குபவர் பக்கமும் இப்படியே. சொத்து விலை சரிந்து, வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்ட குடும்பம் வட்டி குறைந்தால் புதுக்கடன் வாங்காது, பழையதை அடைக்கும். 1990களின் ஜப்பானிய நிறுவனங்களைப் பற்றி ரிச்சர்ட் கூ சொன்னது இதைத்தான். இருப்புநிலை மந்தநிலை என்று அதற்குப் பெயரிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் அறிவான செயல், எல்லோரும் சேர்ந்து செய்தால் தேவை வற்றிப்போகிறது. ஜப்பான் வங்கி 1999இல் பூஜ்ய வட்டிக்கும் 2001இல் அளவுசார் தளர்த்தலுக்கும் போயும் பணவாட்டம் விடவில்லை.

இதைக் கொண்டு பூஜ்ய வட்டியில் பணக்கொள்கைக்குச் சக்தியே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. 1933 ஏப்ரலில் அமெரிக்கா தங்கத்துடனான பிணைப்பைத் துண்டித்தது. 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. குறுகிய கால வட்டி ஏற்கெனவே மிகக் கீழே இருந்த நேரம் அது. விலைகள் இனி இறங்காது, ஏறும் என்ற எதிர்பார்ப்பு உருவானதில் மெய் வட்டி சரிந்தது. தொழில் உற்பத்தி சில மாதங்களிலேயே எழுந்தது. தங்கத் திட்டத்தை 1931லேயே கைவிட்ட பிரிட்டனும் பிரான்ஸைவிட முன்னதாக மீண்டது. வட்டி என்ற நெம்புகோல் முட்டி நின்ற பிறகும் எதிர்பார்ப்பு என்ற நெம்புகோல் இருக்கிறது. ஆனால் அதை அசைக்க ஆட்சி மாற்றத்துக்கு ஒப்பான, நம்பத்தக்க அறிவிப்பு தேவை. 2012 ஜூலையில் யூரோவைக் காக்கத் தேவையான எதையும் செய்வோம் என்று யூரோ பகுதி மத்திய வங்கியின் அன்றைய தலைவர் மரியோ திராகி சொன்னதுமே இத்தாலி, ஸ்பெயின் பத்திர வட்டிகள் இறங்கத் தொடங்கியதும் இதே வகையைச் சேர்ந்தது.

கால தாமதம் தனிச் சிக்கல். அமெரிக்காவில் மந்தநிலையின் தேதிகளை முடிவுசெய்யும் தேசியப் பொருளாதார ஆய்வகம், 2007 டிசம்பரில் தொடங்கியதை 2008 டிசம்பர் 1 அன்றுதான் அறிவித்தது. நோயைக் கண்டறியவே ஓராண்டு. மருந்தின் விளைவு உற்பத்தியில் முழுமையாகத் தெரிய மேலும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஆகலாம். 2001இல் ஃபெடரல் ரிசர்வ் முந்திக்கொண்டு ஜனவரியிலேயே குறைக்கத் தொடங்கி, 6.5 சதவீதத்தை ஆண்டு முடிவில் 1.75 ஆக்கியது. அப்படியும் மார்ச்சில் மந்தநிலை வந்தது, நவம்பரில் முடிந்தது, வேலையின்மையோ 2003 ஜூன் வரை ஏறிக்கொண்டே போனது. அவசரப்பட்டு இறுக்கினால் இழப்பு இன்னும் பெரிது: 1936–37இல் வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதம் இரட்டிப்பாக்கப்பட்டதை 1937–38 சரிவுக்கான காரணங்களில் ஒன்றாகப் பலர் சுட்டுகிறார்கள், 2011இல் யூரோ பகுதியில் இருமுறை வட்டி உயர்த்தப்பட்டதும் அந்தப் பட்டியலில் சேரும்.

‘மட்டுமே’ என்ற சொல்லைச் சோதிக்க 2020 உதவும். ஃபெடரல் ரிசர்வ் மார்ச் 15க்குள் வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்து, பத்திரச் சந்தை உறைந்துபோகாமல் காத்தது. இல்லையென்றால் சுகாதார நெருக்கடியோடு வங்கி நெருக்கடியும் சேர்ந்திருக்கும். ஆனால் மூடப்பட்ட உணவகத்தை எந்த வட்டி விகிதமும் திறக்க முடியாது. வருமானம் இழந்த குடும்பத்துக்குக் கடன் அல்ல, பணம் வேண்டும். அதைத் தர அதிகாரம் உள்ளது அரசுக்கு. சுமார் 2.2 லட்சம் கோடி டாலர் உதவிச் சட்டம் அந்த மாதமே நிறைவேறியது. பிப்ரவரி உச்சத்திலிருந்து ஏப்ரல் அடிமட்டம் வரை இரண்டே மாதங்கள். அமெரிக்கப் பதிவில் உள்ள மிகக் குறுகிய மந்தநிலை. வட்டி பூஜ்யத்தில் நிற்கும்போது அரசுச் செலவு தனியார் முதலீட்டை வெளியேற்றுவதில்லை என்பதால் இந்த இணைப்புக்குக் கோட்பாட்டு ஆதரவும் உண்டு.

இணைப்புக்கு விலையும் உண்டு. கடைகள் திறந்து, தேவை திரும்பி, அளிப்பு பின்தங்கியபோது இரு கொள்கைகளும் தளர்வாகவே இருந்தன. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதமானது. அளிப்பு அதிர்ச்சியில் விலையும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறுவதால், மத்திய வங்கி ஒன்றைக் கவனிக்க மற்றதை விட்டுவிட வேண்டியிருக்கிறது. இலக்கு இரண்டு, கருவி ஒன்று என்ற நிலையில் வட்டி விகிதத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் மறுபக்கம் கைவிடப்படும்.