கட்டுத்தாரை: திருத்திய வடிவத்தின் காட்சிவாரி நேர அட்டவணை

அண்ணா,

திருத்திய ஸ்கிரிப்டை முழுசாக நேரம் பார்த்துவிட்டேன். நம்மிடம் கேட்டிருக்கும் நீளம் 22:00. தொடக்க டைட்டில் 0:30, கடைசி டைட்டில் 1:10 போக, காட்சிகளுக்குக் கிடைப்பது 20:20. இப்போது எழுதியிருப்பது 24:05 வருகிறது. 3:45 அதிகம்.

தயாரிப்பாளர் போன வாரம் பக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினேழரைப் பக்கம்தானே, நொய்யல் பாலத்துல ஒரு காட்சி சேர்த்துக்கலாமே" என்றார். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் அவர் சொல்வது சரிதான். டைட்டிலோடு 19:10 வரும், 2:50 மீதி இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கில ஸ்கிரிப்டின் எழுத்து அளவுக்கும் ஓரங்களுக்கும் பழகிய கணக்கு. நாம் இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதுகிறோம். வசனம் கீழே கீழே இறங்கிப் பக்கத்தைத் தின்கிறது. செயல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதனால் பாலத்துக் காட்சிக்குச் சரி என்று அவரிடம் இன்னும் சொல்ல வேண்டாம்.

எல்லாமே நொடிக் கணக்கு. பக்கம் மட்டும் எட்டில் ஒரு பங்காக.

| காட்சி | இடம், நிகழ்வு | பக்கம் | வசனம் | செயல் | மொத்தம் | ஒதுக்கீடு | வித்தியாசம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | கட்டுத்தாரை, விடியல். காளைக்குத் தண்ணி காட்டுகிறார் | 2/8 | 0 | 75 | 75 | 50 | +25 |
| 2 | சாளைத் திண்ணை. பேத்தியின் போன் | 2 | 95 | 10 | 105 | 105 | 0 |
| 3 | திருப்பூர், பனியன் கம்பெனி, செக்கிங் டேபிள் | 1 2/8 | 40 | 25 | 65 | 60 | +5 |
| 4 | சாளை உள்ளே, ராத்திரிச் சாப்பாடு | 2 6/8 | 130 | 20 | 150 | 130 | +20 |
| 5 | கட்டுத்தாரை, காலை. காளையைக் கழுவுகிறார் | 2/8 | 0 | 100 | 100 | 60 | +40 |
| 6 | டெம்போவில் ஏற்றுவது | 3/8 | 10 | 70 | 80 | 45 | +35 |
| 7 | டெம்போ கேபின், காங்கேயம் ரோடு | 1 6/8 | 85 | 15 | 100 | 90 | +10 |
| 8 | மாட்டுச் சந்தை, நுழைவு | 3/8 | 5 | 55 | 60 | 40 | +20 |
| 9 | சந்தை. தரகரோடு பேச்சு | 2 4/8 | 120 | 25 | 145 | 140 | +5 |
| 10 | துண்டுக்கு அடியில் விலை | 1/8 | 0 | 95 | 95 | 70 | +25 |
| 11 | டீக்கடை. தரகரும் வாங்குபவரும் | 2 2/8 | 105 | 10 | 115 | 110 | +5 |
| 12 | சந்தை. பேத்தி வந்து நிற்கிறாள் | 3 | 155 | 25 | 180 | 170 | +10 |
| 13 | கயிறு மாற்றுவது | 4/8 | 20 | 85 | 105 | 90 | +15 |
| 14 | காலிக் கட்டுத்தாரை, பொழுது சாய்கிறது | 1/8 | 0 | 70 | 70 | 60 | +10 |
| | மொத்தம் | 17 4/8 | 765 | 680 | 1445 | 1220 | +225 |

ஒதுக்கீடு என்பது முதல் வடிவத்தை வைத்து நாம் இரண்டு பேரும் பங்கு போட்டது. காட்சி 11 திருத்தத்தில் புதிதாக வந்ததால், அதற்கான பங்கைப் பழைய சந்தைக் காட்சியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன்.

வசனத்துக்கு நேரம் எடுத்த விதம். முதலில் நானே தனியாக வாசித்தேன். 10:50 வந்தது. நம்பவில்லை, ஏனென்றால் எனக்கு அடுத்த வரி தெரியும், வாய் முந்திக்கொள்கிறது. அப்புறம் அப்பாருவாக நடிக்கும் பெரியவரைப் போனில் பிடித்து, மற்ற எல்லார் வரியையும் நான் சொல்ல, அவர் வரியை அவர் சொன்னார். 12:45. அவர் "செரீங்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிறார். அந்த மூச்சுக்காகத்தான் அவரை எடுத்தோம், அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. அட்டவணையில் இருப்பது இந்த இரண்டாவது நேரம். நீங்கள் "மௌனம்" என்று எழுதிய இடத்திலெல்லாம் 3 நொடி விட்டேன், அதுவும் வசனத்தில்தான் சேரும்.

பேசிக்கொண்டே செய்யும் வேலைக்குத் தனி நேரம் போடவில்லை. காட்சி 12இல் அப்பாரு பேத்தியிடம் பேசியபடியே காளையின் திமிலைத் தடவிக்கொண்டிருக்கிறார். அதற்குச் செயலில் 0. பேச்சு நின்ற பிறகு நடப்பதற்கு மட்டும் 25. இரண்டு பக்கமும் போட்டிருந்தால் 4, 9, 12 மூன்றும் சும்மாவே வீங்கியிருக்கும்.

செயலுக்கு நேரம் எடுத்த விதம். உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடி யோசித்தால் எல்லாமே பத்து நொடியில் முடிந்துவிடுகிறது. அதனால் காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் மாமா தோட்டத்துக்குப் போய்ச் செய்ய வைத்துப் பார்த்தேன். காளையைக் கழுவ அவருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அதில் நமக்கு வேண்டிய ஆறு ஷாட்டைத் தனியாகக் குறித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு பார்த்தால் போதும் என்று வாட்சை அழுத்தி 100 நொடி என்று எடுத்தேன்.

காட்சி 10 ஸ்கிரிப்டில் ஒரே வரி: "துண்டுக்கு அடியில் இருவரும் விலை பேசுகிறார்கள்." எட்டில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. மாமாவும் நானும் கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டு முதல் தடவை செய்தபோது 40 நொடிதான். முடிவு விலை என்ன என்று இரண்டு பேருக்கும் முன்னாலேயே தெரியும், அதனால்தான். அடுத்த தடவை எனக்கு விலையைச் சொல்லாமல் பேசினார். நான் மூன்று விரலைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காளையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் விரலை உதறிவிட்டுத் துண்டை எடுக்கப் போனார், எடுக்கவில்லை. நான் இன்னொரு விரலைச் சேர்த்தேன். 95 நொடி. அந்த உதறலையும் எடுக்காமல் விட்ட துண்டையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஒதுக்கீட்டை விட 25 கூடுதலாக இருந்தாலும் இதில் கை வைக்க மாட்டேன்.

சரி, அதிகம் எங்கே இருக்கிறது? பேச்சுக் காட்சிகள் (2, 3, 4, 7, 9, 11, 12) பதினைந்தரைப் பக்கம், 14:20 ஓடுகின்றன. ஒதுக்கீட்டைத் தாண்டியது 55 நொடி மட்டும். பேச்சே இல்லாத, அல்லது ஒன்றிரண்டு வரி பேசும் காட்சிகள் (1, 5, 6, 8, 10, 13, 14) மொத்தமே இரண்டு பக்கம். அவை 9:45 ஓடுகின்றன. தாண்டியது 2:50. வசனம் கூடிவிட்டது என்று நாம் மூன்று நாளாக வசனத்தையே வெட்டிக்கொண்டிருந்தோம்.

அட்டவணை ஷீட்டில் இருக்கிறது. நேரத்தை `1:20` என்று அடிக்காதீர்கள், ஷீட் அதை ஒரு மணி இருபது நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு முதல் நாள் மொத்தம் ஒரு நாளுக்கு மேல் ஓடும் படமாக வந்தது. வெறும் நொடியை மட்டும் போடுங்கள். D வசனம், E செயல், F மொத்தம், G ஒதுக்கீடு:

```
F2   =D2+E2
H2   =F2-G2
F16  =SUM(F2:F15)
F17  =INT(F16/60)&":"&TEXT(MOD(F16,60),"00")
F18  =SUMIF(D2:D15,"<=20",F2:F15)
```

F17 நிமிடமாக மாற்றிக் காட்டும். F18 பேச்சில்லாத காட்சிகளின் மொத்தம். இனிமேல் திருத்தும்போதெல்லாம் முதலில் F18ஐப் பாருங்கள்.

வெட்டலாம் என்று நினைப்பவை

1, 5: ஒரே ஆள், ஒரே காளை, ஒரே கட்டுத்தாரை, இரண்டு காலை. ஒரே காலையாக்கி, தண்ணி காட்டுவதில் தொடங்கிக் கழுவுவதில் முடிக்கலாம். போன் அதற்கு அப்புறம் வரட்டும். 175 நொடி 105 ஆகும். விற்கப் போகும் நாளில் கழுவுவது என்ற அர்த்தம் போய்விடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகும்தான். ஆனால் காட்சி 13இல் கயிறு மாற்றும்போது அந்த அர்த்தம் இன்னும் கனமாக வருகிறது.

6: காளை பலகையில் கால் வைக்க மறுக்கிறது, அவ்வளவோடு வெட்டி, ஓடும் டெம்போவுக்குப் போய்விடலாம். 80 நொடி 35 ஆகும்.

8: நுழைவை 30க்குக் குறைத்து, தரகரின் முதல் வரியை அதன் மேலேயே ஓடவிடலாம். 30 மிச்சம்.

4: பேத்தி போனில் "கடன்காரன் நேத்தும் வந்துட்டானுங் அப்பாரு" என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டில் அப்பாரு ஆத்தாவிடம் "அம்மணி போன் பண்ணுச்சு, கடன்காரன் நேத்தும் வந்தானாம்" என்று திரும்பச் சொல்கிறார். பார்ப்பவருக்குத் தெரிந்ததுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே "மாட்டைக் குடுத்தரலாமாட்ட இருக்குது" என்று நேரே வந்துவிடட்டும். 25 மிச்சம்.

7: டெம்போக்காரர் தன் சொந்தக் காளையின் கதையைச் சொல்லும் இடத்தின் இரண்டாம் பாதி. 20.

14: 70இலிருந்து 50. காலிக் கயிற்றுக் கட்டையில் ஷாட் நின்றால் போதும், வாசல் வரைக்கும் நடந்து போக வேண்டியதில்லை.

12ஐத் தொடவில்லை. பத்து நொடி கூடுதல்தான், ஆனால் திருத்தத்தில் நன்றாக வந்திருக்கும் காட்சி அது ஒன்று.

கூட்டினால் 210 நொடி போகிறது. காட்சிகள் 20:35, டைட்டிலோடு 22:15. இன்னும் 15 நொடி உதைக்கிறது. அதை ஸ்கிரிப்டில் தேட வேண்டாம். தொடக்க டைட்டிலைக் கறுப்புத் திரையில் போடாமல் முதல் காட்சியின் மேலேயே போட்டால் 30 நொடி வரை கிடைக்கும். அங்கே பேச்சு இல்லை, எழுத்து வந்தாலும் இடைஞ்சல் இல்லை. 15 போக மீதி 15ஐ எடிட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்.

நீங்கள் சரி என்றால் இந்த வெட்டுகளோடு சனிக்கிழமைக்குள் மறுபடி எழுதிவிடுகிறேன். ஞாயிறு காலை பெரியவர் பெருந்துறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், நேரிலேயே உட்கார்ந்து முழுசாக ஒரு தடவை வாசித்துவிடலாம். ஷீட்டில் I பத்தியை அதற்காகக் காலியாக விட்டிருக்கிறேன். அன்றைக்கு வாட்ச் உங்கள் கையில் இருக்கட்டும், நான் பேத்தியின் வரிகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.