பொருள்: வியாழக்கிழமை அப்ரைசலை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்

சார், வணக்கம்.

என் அப்பத்தா இன்று (செவ்வாய், 10-ம் தேதி) விடியற்காலை தவறிவிட்டார்கள். தகவல் வந்ததும் திருப்பூரிலிருந்து கிளம்பி, சிவகங்கை பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இன்று இரவுதான் வருகிறார். அதனால் நாளை புதன் மதியம்தான் எடுக்கிறோம். வியாழன் காலை பால் தெளிப்பு. அன்று 11 மணிக்குத்தான் எனக்கு அப்ரைசல் வைத்திருக்கிறீர்கள்.

அம்மாவும் அப்பாவும் மில் வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்து ஆளாக்கியது அப்பத்தாதான். இந்த வாரச் சடங்குகள் முடியும் வரை நான் இங்கே இருந்தாக வேண்டும்.

16-ம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன். 18 புதன் அல்லது 19 வியாழன், உங்களுக்கு எந்த நேரம் தோதாக இருந்தாலும் அப்ரைசலை வைத்துக்கொள்ளலாம். போனிலேயே முடித்துவிட வேண்டாம் சார். இந்த வருடம் ஃபினிஷிங் செக்‌ஷனையும் சேர்த்துப் பார்த்ததைப் பற்றியும், அடுத்த பொறுப்பைப் பற்றியும் உங்களிடம் நேரில் உட்கார்ந்து பேச விரும்புகிறேன். என் அப்ரைசல் ஃபார்மைப் பூர்த்தி செய்து போன வாரமே ஹெச்.ஆரிடம் கொடுத்துவிட்டேன்.

25-ம் தேதி புதன்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. அன்று ஒரு நாள் மட்டும் மறுபடி லீவு வேண்டும். நம் கம்பெனி விதியில் தாத்தா பாட்டி இறப்புக்குத் தனி விடுப்பு கிடையாது என்பது தெரியும். இந்த நாட்களை சி.எல்.லில் கழித்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டருக்கு வந்த இரண்டாவது லாட் துணியில் ஷேட் லேசாக மாறியிருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. லைட் பாக்ஸில் டி65 போட்டுப் பார்த்தால் சற்றுச் சிவப்படித்துத் தெரிகிறது. பையர் அப்ரூவ் செய்த ஸ்வாட்ச்சும், இந்த லாட்டில் வெட்டிய துண்டும் என் மேஜை இழுப்பறையில் பச்சை ஃபைலில் இருக்கின்றன. நீங்களோ மெர்ச்சண்டைசரோ பார்த்து முடிவு சொல்லும்வரை அந்த லாட்டை கட்டிங்குக்கு அனுப்ப வேண்டாம். முதல் லாட்டோடு கலந்து தைத்துவிட்டால் உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக வந்துவிடும், அதன் பிறகு எதுவும் செய்ய முடியாது. கவிதாவிடம் இதைப் போனில் சொல்லியிருக்கிறேன். தினசரி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டையும் இந்த வாரம் அவரே அனுப்பிவிடுவார்.

இங்கே வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள் சார், சாயங்காலம் பார்த்துப் பதில் சொல்கிறேன். அப்ரைசலுக்குப் புதிய தேதியை முடிவு செய்ததும் ஹெச்.ஆருக்கும் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீனாட்சி
தரக்கட்டுப்பாடு