அடி விழுந்த பிறகு கேமரா எங்கே நிற்கிறது?

ஒரு வன்முறைக் காட்சியை ரத்தத்தின் அளவை வைத்து எடைபோடுவது எளிது. ஆனால் அந்த அளவுகோல் பெரும்பாலும் தவறான படங்களைத்தான் பிடித்துக் கொடுக்கும். ரத்தமே சிந்தாமல் நாற்பது அடியாட்களை வீழ்த்தும் நாயகன் குடும்பப் படத்தில் சிரித்துக்கொண்டே போவான். ஒரே ஒரு அறை விழும் படம் பார்வையாளரை நாள்கணக்கில் தொந்தரவு செய்யும்.

திரை வன்முறை பார்ப்பவரை மாற்றுமா என்ற விவாதத்தில், உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1960களில் நடத்திய பொம்மைச் சோதனைகளை எல்லோரும் இழுப்பார்கள். பெரியவர் ஒருவர் ஊதுபொம்மையை அடிப்பதை நேரில் பார்த்த குழந்தைகள் மட்டுமல்ல, படமாகப் பார்த்தவர்களும் அதேபோல் அடித்தார்கள். 1965இல் வெளியான சோதனைதான் இன்னும் முக்கியம். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது, தண்டனை கையைத் தடுத்ததே தவிர, கற்றதை அழிக்கவில்லை. ‘கிளைமாக்ஸில் வில்லன் செத்துவிடுகிறானே’ என்ற சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பது இதிலிருந்து தெரியும். பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றல்ல என்ற ஆட்சேபமும் நியாயமானதே.

தொடர்ந்து பார்ப்பவரிடம் வேறு இரண்டு மாற்றங்களும் நடக்கின்றன. ஒன்று, மரத்துப்போதல்: முதலில் எகிறும் இதயத்துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் அதே மாதிரிக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும்போது குறைகின்றன. அடுத்த படம் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருப்பது அதனால்தான். மற்றொன்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் சொன்னது: நிறையத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகம் உள்ளதைவிட ஆபத்தானது என்று நம்பத் தொடங்குகிறார்கள். அதற்காகப் படம் பார்த்தவன் கத்தியைத் தூக்குவான் என்று தாவிவிடக் கூடாது. கொடுங்குற்றத்துக்குக் குடும்பச் சூழல், போதை, முந்தைய வன்முறை எனப் பல காரணங்கள் சேர வேண்டும். திரையின் பங்கை மட்டும் தனியே பிரித்து அளப்பது கடினம்.

பாதிப்பைக் கூட்டும் அம்சங்கள் ஓரளவு தெரிந்தவையே: அடிப்பவர் கவர்ச்சியானவர், அவர் செய்வது நியாயமாகத் தோன்றுகிறது, பலன் கிடைக்கிறது, அடிபட்டவருக்கு வலிப்பதே தெரியவில்லை. ஒரு காட்சி கதைக்கு உழைக்கிறதா என்று பார்க்கும்போதும் இதே இடங்களில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கற்பனைக் காட்சி. கடன் திருப்பாத தையல்காரரின் வலது கையை வசூல்காரன் உடைக்கிறான். முதல் வடிவத்தில் மூன்று கோணம், ஸ்லோமோஷன், எலும்பு முறியும் ஓசை இரட்டிப்பு, கீழே அதிரும் பின்னணி இசை. அடுத்த ஷாட்டில் வசூல்காரன் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடக்கிறான். தையல்காரர் அதன்பின் படத்திலேயே இல்லை. இரண்டாம் வடிவத்தில் ஒரே வைட் ஷாட், இசை கிடையாது, அடி ஒருமுறை. பிறகு ஐந்து நிமிடம் கழித்து ஒரு காட்சி: அவர் இடது கையால் ஊசியில் நூல் கோர்க்க முயல்கிறார், மகள் வாங்கிக் கோர்த்துக் கொடுக்கிறாள், அவளால் பள்ளிக்குக் கிளம்ப முடியவில்லை. காட்டிய வன்முறை இதில் குறைவு; விளைவு அதிகம். எடிட்டிங் மேசையில் சோதிக்க வழி உண்டு. காட்சியை முழுதாக எடுத்துவிட்டு அடுத்த இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். யாருடைய முடிவும் மாறவில்லையென்றால் அது வெறும் அதிர்ச்சி. பிறகு இசையை மட்டும் அணைத்துப் பாருங்கள். காட்சி செத்துப்போனால், பரபரப்பைத் தந்தது கதையல்ல, ஒலிக்கலவை.

மறைத்துக் காட்டுவது எப்போதும் உயர்ந்தது என்பதும் இல்லை. 1931இல் வந்த ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ படத்தில் சிறுமியின் கொலை உருண்டு நிற்கும் பந்தாகவும் கம்பியில் சிக்கிய பலூனாகவும் மட்டுமே வருகிறது. அது தாங்க முடியாத காட்சி. ஆனால் வயதுச் சான்றிதழுக்காக ரத்தத்தை மட்டும் துடைத்துவிட்டு அடியை வைத்துக்கொள்வது வலியை அழிப்பது. போர்க் கொடுமையைச் சொல்லும் படம் சில சமயம் நீளமாக, அசௌகரியமாகக் காட்டித்தான் ஆக வேண்டும்.

பாலியல் வன்முறையில் முதலில் கேமரா யாருடைய கண் என்று பாருங்கள். தாக்குபவனின் பார்வையில் உடலைத் துண்டு துண்டாகக் காட்டினால், வசனம் எவ்வளவு கண்டித்தாலும் படம் அவன் பக்கம்தான். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு காட்சியாவது இருக்கிறதா, இல்லை நாயகனின் கோபத்துக்கு எரிபொருளாக மட்டும் வந்து போனாளா என்பது அடுத்த கேள்வி.

சிறு குழந்தைகளுக்கு இந்த நுணுக்கங்கள் எதுவும் எட்டாது. ஏழு, எட்டு வயதுக்குக் கீழே அவர்களை அச்சுறுத்துவது பெரும்பாலும் தோற்றமும் சத்தமும்தான். ‘இது சினிமாதான்’ என்ற விளக்கம் அந்த வயதில் பெரிதாக உதவாது. நிறுத்திவிட்டு, பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது நல்லது. பத்து வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்மாறு: நடக்கக்கூடிய கடத்தலும் கொலையும்தான் அவர்களை உறுத்தும். அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அடிபட்டவருக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்பதில் தொடங்கலாம்.