காஸ்டிக் சோடா: கெமிக்கல் ரூமிலும் மெஷின் பக்கமும் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புச் சுருக்கம்

திருப்பூர் சாயப்பட்டறை, ஸ்கவரிங் மற்றும் பிளீச்சிங் பிரிவு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு ஷிப்ட் தொடக்கத்திலும் சூப்பர்வைசர் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதியது பக்கத்துச் சுவரில் இருக்கிறது.

காஸ்டிக் மூட்டையோடு கம்பெனி அனுப்பும் பாதுகாப்புத் தரவுத் தாள் 11 பக்கம், 16 பகுதி, முழுக்க ஆங்கிலம். அது ஃபைலில் இருக்கிறது, யாரும் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆனால் கையில் செதில் பட்டவுடன் யாரும் ஃபைலைத் தேடி ஓடப்போவதில்லை. அதனால் நம் வேலைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

பொருள்: சோடியம் ஹைட்ராக்சைடு, NaOH. வெள்ளைச் செதில், 50 கிலோ மூட்டை. மூட்டையில் UN 1823 என்ற எண்ணும், கையின் மீதும் உலோகத்தின் மீதும் சொட்டு விழுந்து அரிப்பது போன்ற படமும் இருக்கும். எழுத்து அழிந்த மூட்டை வந்தால் பிரிக்காதீர்கள், ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். நம்மிடம் இருக்கும் சோடா ஆஷும் வெள்ளைதான், குளோபர் சால்ட்டும் வெள்ளைதான். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

என்ன ஆபத்து

தாளின் இரண்டாம் பகுதியில் H314 என்று ஒரு குறியீடு இருக்கிறது. தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும் என்று அர்த்தம். காஸ்டிக் பற்றி இந்த ஒன்று தெரிந்தாலே பாதி தெரிந்த மாதிரி.

ஆசிட் பட்டால் உடனே சுரீர் என்று எரியும், நாமும் உடனே கழுவுவோம். காஸ்டிக் அப்படி இல்லை. முதலில் சோப்புப் போட்ட மாதிரி வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வழவழப்பு வேறொன்றுமில்லை, உங்கள் தோலில் இருக்கும் கொழுப்பே சோப்பாக மாறுகிறது. வலி தெரியும் நேரத்தில் அது உள்ளே இறங்கியிருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் ஒருவருடைய பூட்டுக்குள் ஒரே ஒரு செதில் விழுந்துவிட்டது. கால் வியர்வையில் அது கரைந்திருக்கிறது. ஏதோ கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து சாக்ஸைக் கழற்றியபோது குதிகால் தோல் சாக்ஸோடு வந்தது. ஒரு செதில் விரல் நகத்தளவுதான் இருக்கும்.

கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூட்டையைப் பிரிக்கும்போதும் கொட்டும்போதும் எழும் தூசி மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாவற்றையும் புண்ணாக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம், அதற்கு மேல் எந்த நேரத்திலும் போகக் கூடாது என்பது வரம்பு. அந்த அளவை நாம் கண்ணால் பார்க்க முடியாது. தும்மல் வருகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காஸ்டிக் தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் தண்ணீர் பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். 100 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ கரைத்தாலே தண்ணீரின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மூட்டை மேல் கொஞ்சமாகத் தண்ணீர் சிந்தினால் அந்தச் சூடு முழுவதும் ஒரே இடத்தில் சேரும், பக்கத்தில் அட்டையோ துணியோ இருந்தால் பற்றிக்கொள்ளவும் கூடும்.

அப்புறம் அலுமினியம். காஸ்டிக் கரைசல் அலுமினியத்தைத் தின்னும், அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய இடத்தில் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஜிங்க் பூசிய வாளியும் இதே கணக்குதான். எடை போட அலுமினியக் கிண்ணம் கெமிக்கல் ரூமுக்குள் வரவே கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் மட்டும்.

மெஷினுக்குள் இருக்கும் தண்ணீரில் காஸ்டிக் குறைவுதானே என்று சிலர் சொல்வது உண்டு. லிட்டருக்கு சில கிராம்தான், உண்மை. ஆனால் அது 98 டிகிரியில் ஓடுகிறது. சாம்பிள் எடுப்பவருக்கும், துணி சிக்கிக்கொண்டால் மூடியைத் திறப்பவருக்கும் வெந்நீரும் காஸ்டிக்கும் சேர்ந்தேதான் மேலே படும். பிரஷர் பூஜ்யம், சூடு 80க்குக் கீழே என்று மீட்டரில் பார்க்காமல் மூடியில் கை வைக்கக் கூடாது.

எப்படிக் கையாள வேண்டும்

முதலில் உடை. பக்கங்களும் மூடிய கண்ணாடி, அதன் மேல் முகத் தடுப்பு. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கும் இதே விதிதான், மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. முழங்கை வரை வரும் நைட்ரைல் அல்லது பி.வி.சி. கையுறை, ரப்பர் ஏப்ரன், ரப்பர் பூட். தோல் செருப்பும் தோல் கையுறையும் வேண்டாம், காஸ்டிக் அவற்றையும் அரிக்கும். மூட்டை பிரிப்பவர் தூசி மாஸ்க் போட வேண்டும், கர்ச்சீப் கட்டிக்கொள்வது கணக்கில் வராது.

சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும், பேன்ட் பூட்டுக்கு வெளியே இருக்கட்டும். பேன்ட்டை உள்ளே சொருகினால் சிந்துவது நேராகப் பூட்டுக்குள் போகும். மேலே சொன்ன குதிகால் கதை அப்படி நடந்ததுதான்.

கரைப்பதில் ஒரே விதி: தண்ணீரில் காஸ்டிக்கைப் போடுங்கள், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீரும் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். நேரமாகிறது என்று ஸ்டீம் விட்டுச் சூடாக்கிய தண்ணீரில் கொட்டினால் முகத்துக்கு நேரே கொதித்துத் தெறிக்கும். ஸ்கூப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கலக்கி விட்டு, கரைந்த பிறகு அடுத்த ஸ்கூப். மொத்தமாகக் கவிழ்த்தால் அடியில் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், அடியிலேயே கொதித்து மேலே பீறிடும். 100 லிட்டர் டேங்குக்கு 10 கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கரைக்கக் கூடாது என்பது நம் பட்டறை விதி.

மூட்டையைக் கத்தியால் குத்திக் கிழிக்காதீர்கள். மேல் தையலைப் பிரித்து, உள் பிளாஸ்டிக் பையை மெதுவாக விரியுங்கள். ஈரக்காற்று பட்டு உள்ளே கல்லாக இறுகியிருந்தால் கம்பியால் உடைக்க வேண்டாம், சில்லு பறக்கும். அந்த மூட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பாதி மூட்டையை வாய் இறுகக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். மழைக்காலத்தில் இதில் சோம்பல்பட்டால் மறுநாள் காலை செதிலுக்குப் பதில் கஞ்சிதான் இருக்கும்.

அசிட்டிக் ஆசிட், பெராக்சைடு, ஹைட்ரோஸ் மூன்றையும் காஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பெராக்சைடு காஸ்டிக்கோடு நேராகச் சேர்ந்தால் வேகமாக உடைந்து, சூடேறி, ஆக்சிஜனைக் கக்கும். மெஷினில் இரண்டும் சேரத்தான் செய்கின்றன, ஆனால் அங்கே நிறையத் தண்ணீரும் ஸ்டெபிலைசரும் இருக்கின்றன. டோசிங் டேங்கில் காஸ்டிக் போன பிறகு டேங்கை அலசிவிட்டுத்தான் பெராக்சைடு ஊற்ற வேண்டும். ஒரே மக்கை இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.

செதில் தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாமல் பிளாஸ்டிக் முறத்தில் அள்ளி, மூடி உள்ள காய்ந்த டப்பாவில் போடுங்கள். கடைசியில் மிஞ்சும் தூளை மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், அந்தத் தண்ணீர் ஈ.டி.பி. கால்வாய்க்குப் போக வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்கு அல்ல. கரைசல் சிந்தினால் மணல் போட்டுத் தடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஆசிட் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று யாரும் முயல வேண்டாம், சூடு இன்னும் ஏறும்.

கெமிக்கல் ரூமில் டீ, சாப்பாடு, பான் எதுவும் கிடையாது. கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பவரை அன்றே வேலையை விட்டு நிறுத்துவோம். இதில் மட்டும் தயவு தாட்சண்யம் இல்லை, அதைத் தண்ணீர் என்று நினைத்து அடுத்தவர் குடிப்பார்.

பட்டுவிட்டால் என்ன செய்வது

எல்லாவற்றுக்கும் மருந்து தண்ணீர்தான். எலுமிச்சை, வினிகர், மஞ்சள், தேங்காய் எண்ணெய், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். கண்ணில் பால் விடுவதும் வேண்டாம். புளிப்பு காஸ்டிக்கை முறிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது, சரிதான். ஆனால் முறியும்போது வரும் சூடு வெந்த தோலை இன்னும் வேகவைக்கும்.

கண்ணில் பட்டால்: ரூம் வாசலில் இருக்கும் கண் கழுவும் குழாய்க்கு அவரை நீங்கள் கூட்டிப்போங்கள், அவரால் கண் திறந்து நடக்க முடியாது. அவர் இறுக்கி மூடிக்கொள்வார். இரண்டு விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்து, கண்ணை உருட்டச் சொல்லி, குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள், மனக்கணக்கில் 5 நிமிடமே 20 ஆகிவிடும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாயுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடும். கான்டாக்ட் லென்ஸ் இருந்து, சுலபமாக வருமானால் எடுத்துவிடுங்கள். கழுவும்போதே இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். வலி நின்றுவிட்டது என்று யாரும் திரும்பி வேலைக்கு வரக் கூடாது, கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் குழாய் பற்றி ஒரு விஷயம். தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் மதியம் திறந்தால் முதலில் கை வைக்க முடியாத சூட்டில்தான் கொட்டும். அதனால் பங்குனி முதல் ஆனி வரை ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், மதியம் 12 மணிக்கும் குழாயைத் திறந்து சூட்டுத் தண்ணீரை ஓடவிட்டு மூடுவது கெமிக்கல் ரூம் ஆளின் பொறுப்பு. குழாய் முன்னால் டிரம்மோ துணி டிராலியோ நிறுத்தாதீர்கள்.

தோலில் பட்டால்: காய்ந்த செதில் ஒட்டியிருந்தால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிடுங்கள், பிறகு ஷவருக்கு அடியில் நில்லுங்கள். ஷவர் ஓடும்போதே சட்டை, பேன்ட், பூட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கூச்சம் பார்க்கும் நேரம் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் துணியைப் பிடித்து மறைத்து நில்லுங்கள். மோதிரம், வாட்ச், கைக்கயிறு, அரைஞாண் எல்லாவற்றுக்கும் அடியில் காஸ்டிக் தங்கும், அவற்றையும் கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். 20 நிமிடம் ஆகியும் வழவழப்பு இருந்தால் அது போகும் வரை கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

தூசி உள்ளே போய்விட்டால் காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டி வந்து நிமிர்ந்து உட்கார வையுங்கள். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் 108. இப்போது சரியாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டும் ஆளைக் கொல்லும். போகும்போது சுட்டது வரும்போது இன்னொரு தடவை சுடும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடிக்க என்ன கொடுக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கூடப் போகும் ஆள், முதலுதவிப் பெட்டிக்கு மேலே சிவப்பு உறையில் இருக்கும் ஆங்கிலத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். "கெமிக்கல் பட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு என்ன கெமிக்கல் என்று தெரியாது. எத்தனை மணிக்குப் பட்டது, எத்தனை நிமிடம் கழுவினோம் என்பதை அந்த உறையின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள், பேனா உள்ளேயே கட்டியிருக்கிறது.